பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி தவறு: ஓய்வுக்கு முன் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: பர்கூர் பக்கம் ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 14.05.1967, பணிப்பதிவேட்டில் 14.05.1966 என்று இருக்கிறது. அடுத்த வருஷமே ஓய்வு என்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: கடிதத்தில் "பிறந்த தேதியை மாற்றித் தரவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். தேதியை மாற்றக் கேட்பவர் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே கோப்பைத் திருப்பிவிடுவார்கள். உங்களுடையது எழுத்தர் பிழை. சான்றிதழைப் பார்த்து எழுதியவர் 7-ஐ 6 ஆக்கிவிட்டார், அவ்வளவுதான். அதையே சொல்லுங்கள்:

"என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் 14.05.1967 என உள்ளது. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் 14.05.1966 எனப் பிழையாகப் பதிவாகியுள்ளது. சான்றிதழின்படி பதிவைத் திருத்தி, மேலொப்பமிட வேண்டுகிறேன்."

வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக, மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தொடக்கக் கல்வி) அனுப்புங்கள். சான்றிதழ் நகல், நியமன ஆணை, பதிவேட்டின் முதல் பக்க நகல் இணைக்கவும். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், காட்டினால் போதும். பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அதற்கு முன் பதிவேட்டை நேரில் பாருங்கள். சில சமயம் காகிதத்தில் சரியாக இருக்கும், களஞ்சியம் மென்பொருளில் ஏற்றும்போதுதான் தவறியிருக்கும். அப்படியானால் வேலை சுலபம்.

60 வயதுக் கணக்கில் 31.05.2026-க்கும் 31.05.2027-க்கும் ஒரு முழு வருஷம் வித்தியாசம். சான்றிதழிலேயே தவறு என்றால் மட்டும் கதை வேறு. கடைசி நேரத்தில் வரும் அந்த வகை வழக்குகளை உச்ச நீதிமன்றமும் ஏற்பதில்லை.