கலரியில் வெறும் பெட்டி நிற்கிறது, படம் எங்கே?

கேள்வி: அக்காவின் கலியாண வீட்டுப் படங்கள் அப்பாவின் போனில் இருந்தன. இப்போது கலரியைத் திறந்தால் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. தட்டினால் ஒன்றும் வருவதில்லை, திகதி மட்டும் காட்டுகிறது. ‘தம்ப்நெய்ல் பழுதாகிவிட்டது, சொஃப்ட்வெயார் போட்டால் வரும்’ என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை. பழுதானது தம்ப்நெய்ல் என்றால் தட்டியவுடன் பெரிய படம் திறக்கும், பெட்டியும் கொஞ்ச நேரத்தில் தானாக நிரம்பிவிடும். தட்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பெட்டி சொல்லும் இடத்தில் படம் இல்லை.

கலரி ஒவ்வொரு தடவையும் போய் கோப்புறைகளைத் துழாவுவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எந்தத் திகதி, என்ன அளவு என்று அன்ட்ராய்ட் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதன் பெயர் MediaStore, சில கலரிகள் தங்களுக்கென்று தனியாகவும் ஒன்று வைத்திருக்கும். படத்தை முதல் தடவை காட்டும்போது அதிலிருந்து ஒரு சின்னப் பிரதி எடுத்து வேறோரிடத்தில் போட்டுவைக்கும், அதுதான் தம்ப்நெய்ல். ஆக பட்டியல், சின்னப் பிரதி, உண்மையான படம் என்று மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன, ஒன்று போனது மற்றதற்கு உடனே தெரியாது. படம் போய் சின்னப் பிரதி மட்டும் மிஞ்சினால் கலரியில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும், தட்டினால்தான் குட்டு வெளிப்படும். சின்னப் பிரதியும் போய்ப் பட்டியலில் வரி மட்டும் மிஞ்சினால் உங்களுக்கு வந்தது போல வெறும் பெட்டி.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. பெட்டி வெறுமையான நாளும் படம் போன நாளும் ஒன்றல்ல. படம் இரண்டு மாதத்துக்கு முன்பே போயிருக்கலாம், நேற்று யாரோ ‘கிளீனர்’ அப் ஒன்றை ஓட்ட, அது சின்னப் பிரதிகளைத் துடைத்திருக்கும், கலரி திரும்பவும் பிரதி எடுக்கப் போய் வெறுங்கையுடன் வந்திருக்கும். பழி கிளீனருக்கு. ஆகவே நேற்று என்ன செய்தோம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அந்தப் படத்தைக் கடைசியாக எப்போது முழுதாகத் திறந்து பார்த்தோம் என்று அப்பாவிடம் கேளுங்கள், அன்றிலிருந்து தேட வேண்டும்.

இனி அந்த வெறும் பெட்டியே உங்களுக்கு உதவும். ஒன்றை அழுத்திப் பிடித்து அதன் விவரங்களைத் திறந்தால் படம் இருந்த பாதை தெரியும். அதைக் கடதாசியில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அதுவும் ஒரு புதுப் படமாகப் போனிலேயே போய் உட்காரும், படம் போன இடத்தில் இப்போது ஒன்றையும் எழுதாமல் இருப்பதுதான் நல்லது. பாதை அநேகமாக இந்த இரண்டில் ஒரு விதமாக இருக்கும்:

```
/storage/emulated/0/DCIM/Camera/...
/storage/3A1F-0C62/DCIM/Camera/...
```

முதலாவது போனின் உள் சேமிப்பு. இரண்டாவது மெமரி கார்ட், நடுவில் நிற்கும் எட்டு எழுத்தும் அந்தக் கார்ட்டின் அடையாள எண். எண் கார்ட்டுக்குக் கார்ட் வேறுபடும், ஃபோர்மட் செய்தாலும் மாறிவிடும். இப்போது போனில் இருக்கும் கார்ட்டைக் கழற்றி, கார்ட் ரீடரில் போட்டு விண்டோஸ் கொம்பியூட்டரில் செருகி, அது E என்ற எழுத்தில் வந்திருந்தால் கமாண்ட் திரையில் இதை அடியுங்கள்:

```
vol E:
```

வரும் எண்ணும் பாதையில் இருந்த எண்ணும் ஒன்றென்றால் கார்ட் அதேதான், படங்களை யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது கார்ட் கெட்டுப்போயிருக்கிறது. வேறு எண் என்றால் கார்ட் மாறிவிட்டது, அல்லது யாரோ ஃபோர்மட் செய்துவிட்டார்கள்.

போன வருடம் கொக்குவிலில் ஓர் அக்கா இதே கதையோடு பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்தார், மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள். முதல்நாள் ஓட்டிய கிளீனர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். பாதையைப் பார்த்தால் ஓர் எண், போனில் இருந்த கார்ட்டில் வேறு எண். பிறகுதான் நினைவு வந்தது, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் பெரிய கார்ட் ஒன்று வாங்கிப் போட்டார்களாம், பழையதை ஐயா தன் ரேடியோவில் செருகித் தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தோம், எண் பொருந்தியது, படங்கள்தான் இல்லை. அதாவது ஃபோர்மட் செய்யவில்லை, பாட்டுக்கு இடம் வேண்டுமென்று படங்களைக் கையால் அழித்திருக்கிறார்கள்.

இப்படி அழித்தால் கார்ட்டில் படத்தின் பெயர் வரியிலும் கார்ட்டின் இடக் கணக்கிலும் ‘இது காலி இடம்’ என்று குறி விழுகிறது, அவ்வளவுதான், படத்தின் தரவு அதன்மேல் வேறேதும் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். PhotoRec என்ற இலவச மென்பொருளை அந்தக் கார்ட்டின் மேல் ஓட்டி, கிடைப்பதைக் கொம்பியூட்டரில் சேமித்தோம் (அதே கார்ட்டில் சேமித்தால் மிஞ்சியதையும் நாமே அழிப்போம்). recup_dir.1 என்ற கோப்புறையில் பெயர் இல்லாமல் இலக்கங்களாக வந்து விழுந்தன. முக்கால்வாசி நன்றாக இருந்தது. சிலவற்றில் மேல்பாதி பிள்ளை, கீழ்ப்பாதி சாம்பல், அங்கேதான் தேவாரம் ஏறியிருக்கிறது.

உங்கள் பாதை emulated/0 என்று இருந்தால் இந்த வழி சரிவராது. இப்போதைய போன்களில் உள் சேமிப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, கோப்பு அழிந்தால் அதைத் திறக்கும் சாவியும் அதோடு போய்விடும். ‘டீப் ஸ்கான்’ என்று காசு கேட்கும் அப்கள் எடுத்துத் தருவது பெரும்பாலும் எங்கோ மிஞ்சிய சின்னப் பிரதிகளைத்தான், பெட்டிகள் வெறுமையான உங்கள் போனில் அதுவும் சந்தேகம். கடைக்குக் காசு கொடுக்க முன், எடுத்துத் தரப்போவது முழுப் படமா சின்னப் பிரதியா என்று கேளுங்கள். அதற்கு முன் கலரியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், பல போன்களில் 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் அங்கே 60 நாள்.

அப்புறம் வட்ஸ்அப். கலியாணப் படங்களை அப்பா கனடாவுக்கோ லண்டனுக்கோ அனுப்பாமல் இருந்திருப்பாரா? அனுப்பியவற்றின் பிரதி போனிலேயே இந்தக் கோப்புறையில் இருக்கும், ஆனால் கலரி அதைக் காட்டாது, ஃபைல் மனேஜரில்தான் போய்ப் பார்க்க வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

அளவு குறைந்த பிரதிதான், அல்பத்தில் பெரிதாக அடிக்கப் போதாது, ஆனால் முகம் தெரியும். அங்கே இல்லையென்றால் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், படமாக அல்ல, டொகியுமென்டாக, இல்லாவிட்டால் மறுபடியும் சுருங்கும்.

வெறும் பெட்டிகளை அழிக்க அவசரப்படாதீர்கள். செட்டிங்ஸில் மீடியா ஸ்டோரேஜின் தரவைத் துடைத்தால் போன் பட்டியலைப் புதிதாக எழுதும், பெட்டிகளும் போய்விடும், அவற்றோடு பாதையும் போய்விடும். தேடல் முழுவதும் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது.