ஓடிஜியில் பென் டிரைவ் மாட்டினால் ஒன்றும் வருவதில்லையா? முதலில் ஒரு மவுஸை மாட்டிப் பாருங்கள்

கேள்வி: ஓடிஜி அடாப்டர் வாங்கி ஃபோனில் பென் டிரைவ் மாட்டினேன், ஒன்றுமே வரவில்லை. கோளாறு ஃபோனிலா, அடாப்டரிலா, பென் டிரைவிலா?

முதலில் பென் டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அடாப்டரில் வயர் உள்ள மவுஸ் ஒன்றை மாட்டுங்கள். திரையில் அம்புக்குறி வந்தால் ஃபோனும் அடாப்டரும் சரி, பிரச்சினை பென் டிரைவில். மவுஸ் இல்லையென்றால் கீபோர்டும் போதும், வாட்ஸப்பில் நாலு எழுத்து தட்டிப் பாருங்கள்.

அம்புக்குறி வரவில்லையா? செட்டிங்ஸில் போய் OTG என்று தேடுங்கள். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்றவற்றின் பல மாடல்களில் இதற்குத் தனி சுவிட்ச் உண்டு. பத்து நிமிடம் எதுவும் மாட்டாமல் இருந்தால் அதுவே அணைந்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. சுவிட்ச் போட்டும் வரவில்லையென்றால் வேறு அடாப்டர் வைத்துப் பாருங்கள். ஓடிஜி அடாப்டருக்குள், "நீதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்" என்று ஃபோனுக்குச் சொல்லும் ஒரு இணைப்பு இருக்கும். டைப் சி என்றால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பழைய மைக்ரோ யுஎஸ்பி என்றால் நாலாவது பின்னைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். சார்ஜர் கேபிளில் இது கிடையாது. அதனால் அதன் முனையில் ஒரு ஜாயின்டரைச் செருகினால் வேலைக்காகாது.

எனக்கு நடந்தது வேறு. சித்தப்பா மகள் கல்யாண வீடியோவை 64 ஜிபி பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மவுஸ் வேலை செய்தது, பென் டிரைவை மாட்டினால் மட்டும் ஃபார்மட் செய்யச் சொல்லி ஃபோனில் அறிவிப்பு வந்தது. அதைத் தொட்டிருந்தால் கல்யாணமே போயிருக்கும்! கம்ப்யூட்டரில் மாட்டி, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து Properties பார்த்தேன். File system என்ற இடத்தில் NTFS என்று இருந்தது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு அது படிக்க வராது.

வீடியோவைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பென் டிரைவை exFAT ஆக ஃபார்மட் செய்தேன். FAT32 இன்னும் பழைய ஃபோனிலும் ஓடும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போனால் ஏற்காது. வீடியோவோ 6 ஜிபி. திரும்பக் காப்பி செய்து ஃபோனில் மாட்டியதும் ஃபைல்ஸ் ஆப்பில் தெரிந்தது.

கேமரா மெமரி கார்டைக் கார்டு ரீடரில் போட்டு மாட்டினாலும் இதே கதைதான். படங்கள் DCIM ஃபோல்டருக்குள் இருக்கும். உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் வேறு ரகம். ஃபோன் தரும் மின்சாரம் பத்தாமல் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடலாம். அதற்கு, தனியாகச் சார்ஜர் செருகும் வசதியுள்ள ஹப் வேண்டும்.

அப்புறம், பிடுங்குவதற்கு முன் அறிவிப்பில் Eject கொடுங்கள். காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம்.