நெற்றியில் 38 காட்டினால் காய்ச்சலா?

"ஒன்றரை வயது மகன், 10 கிலோ. வெயிலில் விளையாடி வந்தான், நெற்றியில் 38 காட்டுகிறது. மருந்து கொடுக்கலாமா?"

38 காய்ச்சல் கணக்குதான். ஆனால் வெயில்பட்ட நெற்றி கூட்டியும், வியர்த்த நெற்றி குறைத்தும் காட்டும். வியர்வையைத் துடைத்து, நிழலில் அரைமணி நேரம் இருக்கவிட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். அங்கே 37.5 தாண்டினால் காய்ச்சல்.

அப்போதும் விளையாடி, தண்ணீர் குடித்தால் மருந்து அவசியமில்லை. சிணுங்கினால் பாராசிட்டமால் 150 மில்லிகிராம் கொடுங்கள். 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. பாட்டில்கள் வேறுபடும், லேபிளைப் பாருங்கள். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் போகட்டும்.

துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் 38 ஒன்றே போதும், காத்திருக்கக் கூடாது.