மூன்று ஆண்டு விற்பனை அட்டவணையிலிருந்து அடுத்த காலாண்டைக் கணிப்பது

“மூன்று வருட மாத விற்பனை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் இருக்கிறது. பருவக் குறியீடும் அடுத்த ஜனவரி–மார்ச் தேவையும் எப்படிக் கணக்கிடுவது?”

முதலில் எண்களைத் தட்டச்சு செய்து, ஒவ்வோர் ஆண்டின் கூட்டுத்தொகையையும் படத்திலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். மங்கலான படத்தில் 3-ஐ 8 என்று படித்துவிடுவது சகஜம்.

பருவக் குறியீடு என்பது ஒரு மாத விற்பனை வழக்கமான அளவைப்போல் எத்தனை மடங்கு என்பது. அதற்கு மூன்று ஜனவரிகளின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுப்பதுதான் பலரும் செய்வது. விற்பனை வளர்ந்துகொண்டிருந்தால் அது ஏமாற்றும்: டிசம்பர் ஆண்டின் கடைசியில் வருவதாலேயே உயர்ந்து தெரியும். எனவே ஒவ்வொரு மாத விற்பனையையும், அந்த மாதத்தை நடுவில் வைத்து எடுத்த 12 மாதச் சராசரியால், அதாவது மையப்படுத்திய நகரும் சராசரியால் வகுங்கள். இரண்டாம் ஆண்டு ஜனவரிக்கு, முந்தைய ஜூலை முதல் ஜூன் வரையிலான சராசரியையும் ஆகஸ்ட் முதல் ஜூலை வரையிலான சராசரியையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

அந்தச் சராசரி 120, ஜனவரி விற்பனை 102 என்றால் விகிதம் 0.85. மூன்றாம் ஆண்டில் 144, 126 என்றால் 0.875. சராசரியாக ஏறத்தாழ 0.86, இதுவே ஜனவரிக் குறியீடு. பன்னிரண்டு குறியீடுகளின் கூட்டுத்தொகை 12 ஆக வரும்படி சரிசெய்யுங்கள்.

நகரும் சராசரி ஓராண்டில் 24 ஏறியிருக்கிறது, அதாவது மாதம் 2. ஆனால் அது மூன்றாம் ஆண்டு ஜூனோடு, 154-இல் நின்றுவிடும். அங்கிருந்து ஜனவரி ஏழு மாதம் தள்ளி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதம் 2 வீதம் 14 சேர்த்தால் ஜனவரிக்கான போக்கு 168; தேவை 168 × 0.86, சுமார் 144. பிப்ரவரிக்கு 170, மார்ச்சுக்கு 172 என வைத்து அவற்றின் குறியீடுகளால் பெருக்கி, மூன்றையும் கூட்டுங்கள்.

ஒரு மாதத்துக்குக் கிடைப்பவை இரண்டே விகிதங்கள். அவை 0.86, 1.30 என்று பிரிந்து நின்றால் சராசரி எடுக்காமல் படத்துக்குத் திரும்புங்கள். தவறாகப் படித்த இலக்கமோ ஒருமுறை மட்டும் வந்த பெரிய ஆர்டரோ அங்கே இருக்கும்.