விலையும் இடமும் மாறிவிட்டன: பழைய பதிவைத் திருத்துவதா, புதிதாகப் போடுவதா?

"வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு வரும் வங்காளத்துக்காரர்களை நம்பி மெஸ் நடத்துகிறேன். காந்தி சாலைப் பக்கம் இருந்த மெஸ்ஸைத் தோட்டப்பாளையத்துக்கு மாற்றிவிட்டோம். சாப்பாடு 80 ரூபாயிலிருந்து 100 ஆகிவிட்டது. இரவு பத்தரைக்குப் பதில் ஒன்பதுக்கே மூடுகிறோம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய இன்ஸ்டாகிராம் பதிவைப் பார்த்துத்தான் இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறான். செய்யலாமா?" (வாசகி, வேலூர்)

அழிக்காதீர்கள் அம்மா. அந்தப் பையனிடம் கைப்பேசியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் மெஸ்ஸுக்கு வருகிறவர் பதிவைப் பார்த்த அன்றே வருவதில்லை. கொல்கத்தாவில் இருக்கும்போதே சேமித்து வைத்துக்கொள்கிறார், அல்லது முன்பு வந்துபோன உறவினர் அதை அவருக்கு அனுப்பியிருக்கிறார். சேமித்த பதிவும் உள்பெட்டியில் அனுப்பிய பதிவும் நகல்கள் அல்ல. உங்கள் பக்கத்தில் இருக்கும் அதே பதிவைத்தான் அவை திறந்து காட்டும். எனவே இன்று நீங்கள் வாசகத்தைத் திருத்தினால், ஆறு மாதம் முன்பு சேமித்தவரும் திருத்திய வாசகத்தையே படிப்பார். அழித்துவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. காட்பாடியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் விசாரிப்பார். ஆட்டோக்காரர் தமக்குக் கமிஷன் தரும் மெஸ்ஸுக்கு அழைத்துப் போவார்.

திருத்துவது எளிது. பதிவின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு "Edit" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாசகத்தோடு, படத்துக்கு மேலே இடப்பெயர் ஒன்று இருந்தால் அதையும் அங்கேயே மாற்றிவிடுங்கள். பலர் முகவரியைத் திருத்திவிட்டு அந்த இடப்பெயரை மறந்துவிடுகிறார்கள். கீழே தோட்டப்பாளையம், மேலே காந்தி சாலை என்றிருந்தால், படிக்கிறவர் தொடுவது மேலே இருப்பதைத்தான்.

எங்கே எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாசகத்தின் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே கண்ணில் படும்; மற்றதைப் பார்க்கத் தனியே தொட வேண்டும். அடியில் "முகவரி மாறிவிட்டது" என்று எழுதுவது கதவுக்குப் பின்னால் பலகை மாட்டுவது போலத்தான். முதல் வரியிலேயே இப்படி எழுதுங்கள்: "1.6.2025 முதல் தோட்டப்பாளையத்தில். சாப்பாடு 100 ரூபாய். இரவு 9 மணி வரை." தேதியில் ஆண்டையும் சேர்த்து, நீங்கள் மாறிய தேதியைப் போடுங்கள். பழைய விலையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு 100 என்று மட்டும் எழுதினால், கீழே பின்னூட்டத்தில் "80 ரூபாய்க்கு அருமையான சாப்பாடு" என்று நான்கு பேர் எழுதியிருப்பது உங்களைப் பொய்யராக்கும். தேதி இருந்தால் அந்த முரண் தானே விளங்கிவிடும். மாற்றத்தைச் சொல்லும் பின்னூட்டம் ஒன்றையும் நீங்களே எழுதி மேலே நிலைநிறுத்தி வையுங்கள்.

உங்கள் வாசகத்தில் தமிழ் வரிகளுக்குக் கீழே வங்காளியிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறதா? இருந்தால் மூன்றையும் திருத்த வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் படிப்பது தமிழ் வரியை அல்ல. முதல் வரியே வங்காளியில் இருப்பதுதான் நியாயம்.

இனி, எப்போது புதிதாகப் போட வேண்டும்? மாறிய செய்தி வாசகத்தில் இல்லாமல் படத்துக்குள்ளோ குரலிலோ இருந்தால். ஒரு முறை போட்ட படத்தையோ வீடியோவையோ அதே பதிவில் மாற்றி வைக்க வழியில்லை. ஏன் இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள். வாரம் ஒரு புது வசதி என்று தலையில் கட்டுகிறவர்களுக்கு, ஊரில் விலை ஏறும் என்பது மட்டும் தெரியவில்லை. ஐந்து படங்கள் கொண்ட பதிவில் நான்காவது படம் விலைப்பட்டியல் என்றால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம். பதிவு அப்படியே நிற்கும். ஆனால் வீடியோவில் நீங்களே நின்று பழைய தெருவைக் காட்டி "இரவு பத்தரை வரை" என்று சொல்லியிருந்தால் வாசகத்தைத் திருத்தி மட்டும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு நோயாளியின் மகன் வந்து பூட்டிய கதவின் முன் நிற்பான்.

அப்படியானால் புது வீடியோ எடுத்துப் போடுங்கள். அதை உங்கள் பக்கத்தின் உச்சியில் நிலைநிறுத்துங்கள். மூன்று பதிவுகள் வரை அப்படி வைக்கலாம். பழைய வீடியோவின் முதல் வரியில் "இடமும் நேரமும் மாறிவிட்டன, எங்கள் பக்கத்தின் மேலே உள்ள புது வீடியோவைப் பாருங்கள்" என்று எழுதுங்கள். இணைப்பை அங்கே ஒட்டினால் அது தொட்டாலும் திறக்காது, வீண். பழையதை உடனே மறைக்கவும் வேண்டாம். உங்கள் ஆட்கள் மறுபரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து வருகிறவர்கள். அந்த ஒரு சுற்று முடியட்டும். பிறகு "Archive" செய்யுங்கள். பார்வையிலிருந்து மறையும், விருப்பங்களும் பின்னூட்டங்களும் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம்.

இடம் மாறியதற்காக எப்படியும் ஒரு புதுப் பதிவு போடத்தான் வேண்டும். பழையதைத் திருத்தினால் உங்களைப் பின்தொடர்கிறவர் எவருக்கும் அறிவிப்புப் போகாது. பதிவு மேலே ஏறியும் வராது. விலை மட்டும் மாறியிருந்தால் இது தேவையில்லை.

ஒரு விலக்கைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். அந்தப் பதிவைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருந்தால் வாசகத்தைத் திருத்த விடாது. முதலில் விளம்பரத்தை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் அந்த விளம்பரத்தையே நீக்க வேண்டும். நீக்குவது விளம்பரத்தை மட்டும், பதிவை அல்ல. பிறகு திருத்தி, வேண்டுமானால் புது விளம்பரம் தொடங்கலாம். அது மறுபடியும் பரிசீலனைக்குப் போய்த்தான் வரும். "திருத்த முடியவில்லை, அதனால் அழிக்கிறேன்" என்று பையன் சொன்னால், உங்கள் பணத்தில் ஏதாவது விளம்பரம் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். பழைய முகவரிக்கு ஆள் அனுப்பும் விளம்பரத்துக்கு மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இந்தத் தம்பிகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பழையதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். அதற்குக் காசு கேட்க முடியாது. புதிதாக இருபது பதிவு என்றால் கேட்கலாம். ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் ஒருவரின் பதிவுகளை இப்படித்தான் ஒருவன் "புதுத் தொடக்கம்" என்று துடைத்துவிட்டான். அழித்தவை "Recently deleted" என்ற பகுதியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். அவர் என்னிடம் வந்தது நாற்பதாவது நாள். கணக்கு அந்தப் பையனின் கைப்பேசி எண்ணில் திறக்கப்பட்டிருந்தது வேறு. உங்களுடையது யார் எண்ணில், யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அவனுடையது என்றால் பதிவைத் திருத்தும் முன் அதை மாற்றுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போட்டது ஃபேஸ்புக்கிலும் தானாகப் போயிருந்தால், அங்கே உள்ள பிரதி இங்கே திருத்துவதால் மாறாது. அதைத் தனியே திருத்த வேண்டும். கூகுள் வரைபடத்தில் புது மெஸ் என்று இன்னொன்று தொடங்காமல், இருப்பதிலேயே முகவரியையும் நேரத்தையும் மாற்றுங்கள். மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லக்கூடும். எரிச்சலாகத்தான் இருக்கும். பெயர்ப்பலகையும் தெருவும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பிவிடுங்கள்.