ஊகவினா அமைப்பது பற்றி

“இரண்டாம் வகுப்புக்குப் பத்தி எழுதினேன். ஊகவினாவுக்கும் பிள்ளைகள் பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். எங்கே தவறு?”

தவறு பிள்ளைகளிடம் இல்லை. விடையை நீங்களே பத்தியில் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சேலத்தில் என் வகுப்புக்கு நான் எழுதிய பத்தி இது:

“கவின் ஏற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கினான். மிகவும் குளிராக இருந்தது. அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். பாட்டி பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.”

“பாட்டி எதை எடுத்தார்?” என்பது நேரடி வினா, விடை இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டலாம். “அங்கே வெயிலா, குளிரா?” என்பதை ஊகவினா என்றே எண்ணினேன், ஆனால் இரண்டாம் வரி விடையைச் சொல்லிவிடுகிறது. அந்த வரியை நீக்கினாலும் குறை தீரவில்லை, ஏனெனில் ஏற்காடு குளிரும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளை பத்தியைப் படிக்காமலேயே சொல்லிவிடும்.

ஆகவே வினாவை மாற்றினேன்: “குளிரும் என்று பாட்டிக்கு முன்பே தெரியுமா? எப்படிச் சொல்கிறாய்?” இதற்கு விடை எந்த வரியிலும் இல்லை, ஆனால் சட்டை பையிலேயே இருந்தது என்ற தடயம் இருக்கிறது. “தெரியும்” என்பதோடு நிறுத்தும் பிள்ளையிடம், அதைக் காட்டும் சொல்லைக் கோடிடச் சொல்லுங்கள். “பையிலிருந்து” என்பதைக் கோடிட்டால் ஊகித்திருக்கிறது, வேறெங்கோ கோடிட்டால் குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கிறது.