இருட்டுச் சமையலறைக்கு என்ன பெயின்ட்?

கேள்வி: சென்னையில் அபார்ட்மென்ட். சமையலறை ஜன்னல் டக்ட் பக்கம் இருப்பதால் பகலிலேயே லைட் போடுகிறோம். சுத்த வெள்ளை அடித்தால் பளிச்சென்று ஆகுமா?

பதில்: ஆகாது. பெயின்ட் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும், உங்களுக்கு விழுவதே கொஞ்சம். அந்த மங்கலில் சுத்த வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் தெரியும். நான் ஒரு தடவை நீலச் சாயல் உள்ள வெள்ளையை விலை கூடக் கொடுத்து அடித்து, மூன்று வருஷம் பிணவறையில் தோசை சுட்டேன்.

துளி மஞ்சள் கலந்த கிரீம், ஐவரி பக்கம் போங்கள். கடையில் அந்த ஷேடின் எல்.ஆர்.வி. எவ்வளவு என்று கேளுங்கள். விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் அது. 75-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் போதும். சீலிங் மட்டும் சாதா வெள்ளை.

இந்த ஷேட் கார்டு என்கிற வஞ்சனையைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டாம்ப் அளவு கட்டத்தைக் கடை லைட்டில் பார்த்து நாலு சுவருக்கும் முடிவு எடுக்கச் சொல்கிறார்கள். சின்ன அறையில் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் நிறத்தை ஏற்றிக்கொள்ளும், அதனால் கார்டில் வெளிர் மஞ்சளாக இருந்தது வீட்டில் மாம்பழமாகிவிடும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். கிடைக்கிற சின்ன டின் வாங்கி, இரண்டு அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, அறையிலேயே இருட்டான மூலையில் சாய்த்து வையுங்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி உங்கள் வீட்டு லைட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

கேள்வி: கார்டு பார்த்து லெமன் மஞ்சள் 10 லிட்டர் கலக்கச் சொல்லி வாங்கினேன். கண்ணைக் குத்துகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: கலந்த பெயின்டை அவர் யாருக்கு விற்பார்? ஒரு சமையலறைக்கு எதற்கு 10 லிட்டர்? அதே கம்பெனியின் அதே ரக வெள்ளை வாங்கி, ஒரு கப் மஞ்சளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள்.

கேள்வி: கழுவ வசதி என்று பெயின்டர் வெள்ளை எனாமல் அடித்தார். ஒரே வருஷத்தில் பழுத்துவிட்டது. நாங்கள் அதிகம் பொரிப்பதால்தான் என்று எங்கள்மேல் பழி போடுகிறார்.

பதில்: பாவம், உங்களை ஏய்க்கிறார். ஆயில் எனாமலே வெளிச்சம் இல்லாத இடத்தில் மஞ்சளாகும் சரக்கு. காலண்டரைக் கழற்றிப் பாருங்கள். மறைந்திருந்த இடம் இன்னும் பழுத்திருந்தால் குற்றம் பெயின்டுடையது. அடுப்புக்கு மேல் மட்டும் மஞ்சளாகி, சோப்புத் துணிக்குப் போனால் அது எண்ணெய்ப் புகை. முதலாவது என்றால், அவரையே கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டுங்கள். மறுபடி அடிக்கும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, தண்ணீரில் கரையும் சாட்டின் எமல்ஷன். அதையும் துடைக்கலாம்.